ஒரு கட்டிலில் ஒரு நோயாளிதானே, பிறகு ஏன் புள்ளி வெட்டினார்கள்?

கேள்வி: வணக்கம் சேர். நான் புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். டிப்ளோமா முதலாம் வருடம். டேட்டாபேஸ் பாடத்தில் வைத்தியசாலை ஒன்றுக்கு ஈஆர் வரைபடம் கீறச் சொன்னார்கள். என்டிட்டி, அட்ரிபியூட் எல்லாவற்றுக்கும் புள்ளி கிடைத்தது. கார்டினாலிட்டியில் மட்டும் 8 புள்ளி போய்விட்டது. நோயாளி–கட்டில் 1:1 என்று போட்டேன், பிழை. நோயாளி–வைத்திய நிபுணர் N:1 என்று போட்டேன், அதுவும் பிழை. வாட்டு–கட்டில் இரண்டுக்கும் நடுவே "தலைகீழ்" என்று சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறது. ஒரு கட்டிலில் ஒரு நோயாளியைத்தானே படுக்க வைப்பார்கள்? கேள்வியில் இருந்தது இவ்வளவுதான்: "ஒவ்வொரு வாட்டிலும் பல கட்டில்கள் உள்ளன. அனுமதிக்கப்படும் நோயாளிக்கு ஒரு கட்டில் ஒதுக்கப்படும். அவர் ஒரு வைத்திய நிபுணரின் பொறுப்பில் இருப்பார். நோயாளியின் முந்தைய அனுமதிகளின் விவரங்களையும் பார்க்கக்கூடியதாக இருத்தல் வேண்டும்." அடுத்த கிழமை திருத்திக் கொடுக்கலாம் என்கிறார்கள். எங்கே பிழைத்தேன், சேர்?

பதில்: கேள்வியின் கடைசி வசனத்தை இன்னொரு தடவை வாசியுங்கள் தங்கச்சி. முதல் மூன்று வசனங்களும் இன்றைக்கு வாட்டில் நடப்பதைச் சொல்கின்றன. "முந்தைய அனுமதிகளின் விவரங்களையும்" என்ற அந்த நாலாவது வசனம்தான் நேற்றையும் போன வருடத்தையும் படத்துக்குள் கொண்டுவருகிறது. உங்கள் சிவப்புக் கோடுகளில் இரண்டு அதிலிருந்துதான் வந்தவை. மூன்றாவது, அந்த "தலைகீழ்", வேறு வகையான பிழை. அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்த வாட்டுக்குப் போனாலும் தாதிமாரின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். எந்தக் கட்டிலில் யார் என்று அதில் இருக்கும். ஆள் வீட்டுக்குப் போனதும் பெயரை அழித்துவிட்டு அடுத்தவரின் பெயரை எழுதுவார்கள். அந்தப் பலகைக்கு நீங்கள் கீறிய 1:1 முழுக்கச் சரி. ஒரு நேரத்தில் ஒரு கட்டிலில் ஒருவர், ஒருவருக்கு ஒரு கட்டில். ஆனால் உங்களிடம் கேட்டது பலகையை அல்ல, ரெக்கோட் ரூமை. அங்கே எதையும் அழிப்பதில்லை.

ஒரு ஆளை எடுத்துப் பார்ப்போம். ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி ஒருவர், நோயாளி இலக்கம் 418 என்று வைத்துக்கொள்ளுங்கள். காலபோக அறுவடை நேரம் வயலில் கண்ணாடி விரியன் கடித்து ஜனவரி 12 அன்று மூன்றாம் வாட்டில் சேர்க்கிறார்கள். கட்டில் W3-07. விரியனின் விஷம் இரத்தம் உறைவதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால் சிறுநீர் போகிறதா என்று கவனமாகப் பார்க்க வேண்டும். 14ஆம் தேதி சிறுநீர் குறைந்ததும் தாதியரின் மேசைக்குக் கிட்ட உள்ள W3-01க்கு மாற்றுகிறார்கள். தேறிவிட்டார், 19ஆம் தேதி வீட்டுக்கு. மார்ச் 3ஆம் தேதி காய்ச்சலோடு திரும்பவும் வருகிறார். இந்த முறை பொறுப்பு வேறொரு நிபுணர். கட்டில் தற்செயலாக அதே W3-07.

இனி இந்தக் கதையை உங்கள் படத்துக்குள் போடுங்கள். 1:1 என்றால் அட்டவணையாக மாற்றும்போது நோயாளி அட்டவணையில் ஒரு கட்டில் இலக்கம் உட்காரும். நோயாளி–நிபுணர் N:1 என்றதால் நிபுணரின் இலக்கமும் அதே வரியில் வந்துவிடும். மார்ச் 3ஆம் தேதி அனுமதியில் இருப்பவர் என்ன செய்ய வேண்டிவரும்?

```sql
UPDATE patient
SET bed_no = 'W3-07', consultant_id = 'C05'
WHERE patient_id = 418;
```

இந்த ஒரு கட்டளையோடு ஜனவரி போயிற்று. விரியன் கடித்தபோது பார்த்த நிபுணர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. ஜனவரி 13 இரவு W3-07இல் யார் படுத்திருந்தார் என்று கேட்டாலும் இல்லை. இது சும்மா பரீட்சைக்காகக் கேட்கிற கேள்வியுமல்ல. வாட்டில் தொற்று ஒன்று பரவினால் அந்தக் கட்டிலில் முன்பு இருந்தவர் யார், பக்கத்தில் யார் என்றுதான் முதலில் தேடுவார்கள்.

"சரி சேர், அப்போது M:N என்று போட்டுவிடுகிறேன்" என்று சொல்வீர்கள். பாதி சரி. நாட்கணக்கில் பார்த்தால் ஒரு நோயாளி பல கட்டில்களில் இருப்பார், ஒரு கட்டிலில் பல நோயாளிகள் வந்துபோவார்கள். ஆகவே M:N. அந்த ரிலேஷன்ஷிப் சாய்சதுரத்தில் "தொடக்கம்", "முடிவு" என்று இரண்டு அட்ரிபியூட் தொங்கவிட்டால் பல விரிவுரையாளர்கள் முழுப் புள்ளியும் தருவார்கள். நான் திருத்தினால் ஒரு புள்ளியைப் பிடித்துவைப்பேன். ஏன் என்பதை 418ஆம் ஆள் காட்டித் தருவார்.

ஈஆர் முறையில் ஒரு ரிலேஷன்ஷிப் என்பது சோடிகளின் கணம். கணத்தில் ஒரே சோடி இரண்டு தடவை வர முடியாது. அதனால்தான் M:N உறவை அட்டவணையாக்கும்போது இரண்டு பக்கத்துக் கீயையும் சேர்த்து பிரைமரி கீ ஆக்கச் சொல்லித் தருகிறார்கள். இங்கே அது `(patient_id, bed_no)`. ஜனவரியில் (418, W3-07) என்று ஒரு வரி போயிருக்கிறது. மார்ச்சில் அதே ஆள் அதே கட்டிலுக்கு வருகிறார். மறுபடி (418, W3-07). கீ ஏற்கனவே இருக்கிறது என்று சிஸ்டம் வரியைத் திருப்பி அனுப்பிவிடும். வேறு கட்டில் கிடைத்திருந்தால் இந்தப் பிழை வெளியே தெரியாமலே ஓடியிருக்கும். மாணவர்கள் பரீட்சிக்கப் போடும் தரவில் ஒவ்வொரு நோயாளியும் ஒரு தடவைதான் வருவார். அதனால் இது வகுப்பில் அகப்படுவதே இல்லை.

தீர்வு வைத்தியசாலையிலேயே காகிதமாக இருக்கிறது. யாரையாவது வாட்டில் பார்க்கப் போயிருந்தால் கட்டிலின் கால்மாட்டில் அல்லது தாதியரின் மேசையில் பெட் ஹெட் டிக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு தடவை அனுமதிக்கும்போதும் புதிய டிக்கெட், புதிய இலக்கம். ஆள் ஒருவர், டிக்கெட் பல. நம் 418ஆம் ஆளுக்கு ஜனவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. வாட்டு, கட்டில், பொறுப்பு நிபுணர் என்பவையெல்லாம் அந்த டிக்கெட்டோடு போகிறவை, ஆளோடு போகிறவை அல்ல. ஆளோடு என்றைக்கும் போவது பெயர், பிறந்த தேதி, பால், இரத்த வகை போன்றவை மட்டும்.

உங்கள் படத்தில் காணாமல் போன என்டிட்டி அதுதான்: அனுமதி. என்டிட்டிக்கு முழுப் புள்ளி கிடைத்தது என்கிறீர்கள். நான் நினைக்கிறேன், அங்கே உங்கள் விரிவுரையாளர் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கிறார். கார்டினாலிட்டி பிழை என்று சிவப்பு விழுகிற இடத்தில் பல வேளை உண்மையில் நடுவே ஒரு என்டிட்டி குறைவாக இருக்கும்.

அனுமதியை நடுவில் வைத்ததும் நிபுணர் பிரச்சினை தானாகத் தீர்கிறது. நோயாளி–அனுமதி 1:N. நிபுணர்–அனுமதி 1:N. நோயாளிக்கும் நிபுணருக்கும் நேரடிக் கோடு தேவையில்லை, அதை அழித்துவிடுங்கள். அழிக்காமல் இரண்டையும் வைத்திருக்கிற பிள்ளைகளும் உண்டு. அப்போது நேர்க்கோடு ஒரு நிபுணரையும் அனுமதி வழியாகப் போகிற கோடு இன்னொருவரையும் காட்டும். எதை நம்புவது?

கட்டிலுக்கு இன்னும் ஒரு அடி போக வேண்டும். கேள்வி "ஒரு கட்டில் ஒதுக்கப்படும்" என்று சொல்லி நிறுத்திவிட்டது, இடையில் மாற்றுவார்களா என்று சொல்லவில்லை. மாற்றமாட்டார்கள் என்று எடுத்தால் கட்டில்–அனுமதி 1:N போதும், கட்டில் இலக்கம் அனுமதி அட்டவணையில் இருக்கும். மாற்றுவார்கள் என்று எடுத்தால் "கட்டில் தங்கல்" என்று இன்னொரு என்டிட்டி வேண்டும்: ஒரு அனுமதிக்குப் பல தங்கல்கள், ஒரு கட்டிலுக்குப் பல தங்கல்கள், ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவும். 418ஆம் ஆளுக்கு ஜனவரி டிக்கெட்டில் இரண்டு தங்கல் வரி, மார்ச் டிக்கெட்டில் ஒன்று. நான் இரண்டாவதைத்தான் கீறுவேன், ஏனென்றால் கட்டில் மாற்றாத வாட்டு இல்லை. ஆனால் முதலாவதைக் கீறி, "ஒரு அனுமதியின்போது கட்டில் மாற்றப்படாது எனக் கொள்ளப்பட்டது" என்று படத்துக்குக் கீழே எழுதினால் யாரும் புள்ளி வெட்ட முடியாது. எழுதாமல் விட்டால் வெட்டலாம். இந்த நோயாளியை யாழ்ப்பாணத்துக்கு டிரான்ஸ்பர் பண்ணினால் என்ன செய்வது என்று யோசித்துக் குழம்பாதீர்கள். இந்த வைத்தியசாலையின் டேட்டாபேஸுக்கு அது அனுமதி முடிந்த மாதிரித்தான். அந்தப் பக்கம் அவர்கள் புதிய டிக்கெட் திறப்பார்கள்.

கட்டில் தங்கலின் அட்டவணை இப்படி வரும், `bht_no` என்பது அந்த பெட் ஹெட் டிக்கெட்டின் இலக்கம்:

```sql
CREATE TABLE bed_stay (
  bht_no  VARCHAR(12) NOT NULL,
  bed_no  VARCHAR(8)  NOT NULL,
  from_dt TIMESTAMP   NOT NULL,
  to_dt   TIMESTAMP,
  PRIMARY KEY (bht_no, from_dt),
  FOREIGN KEY (bht_no) REFERENCES admission(bht_no),
  FOREIGN KEY (bed_no) REFERENCES bed(bed_no)
);
```

`to_dt` காலியாக இருந்தால் ஆள் இன்னும் அந்தக் கட்டிலில் இருக்கிறார் என்று பொருள்.

இப்போது உங்கள் மனதில் அந்த முதல் கேள்வி திரும்ப எழும்ப வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கட்டிலில் ஒருவர்தான் என்ற விதி எங்கே போயிற்று? 1:N என்று கீறியதும் ஒரே நாளில் இரண்டு பேரை W3-07இல் போடவும் இந்த அட்டவணை இடம் கொடுக்கிறதே? ஆம், கொடுக்கிறது. உங்கள் விதி பொய்யில்லை, அதைக் கார்டினாலிட்டி இலக்கத்தால் சொல்ல முடியாது, அவ்வளவுதான். கார்டினாலிட்டி மொத்தம் எத்தனை என்று மட்டும் சொல்லும், எந்த நேரத்தில் எத்தனை என்று சொல்லாது. ஆகவே படத்துக்குக் கீழே அதை ஒரு கட்டுப்பாடாக வசனத்தில் எழுதுங்கள்: "ஒரே கட்டிலின் இரண்டு தங்கல்கள் நேரத்தால் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது." செய்முறையில் அதன் முக்கியமான பாகத்தை போஸ்ட்கிரெஸில் இப்படிப் பிடிக்கலாம்:

```sql
CREATE UNIQUE INDEX one_now
ON bed_stay (bed_no) WHERE to_dt IS NULL;
```

இன்னும் முடியாத தங்கல் ஒரு கட்டிலுக்கு ஒன்றுதான் இருக்கலாம் என்கிறது இது. அதாவது உங்கள் 1:1இல் ஒரு கட்டிலுக்கு ஒருவர் என்ற பாதி இங்கே, முடியாத வரிகளுக்கு மட்டும் பொருந்துகிற விதியாகத் திரும்பி வந்து உட்கார்கிறது. பழைய தேதிகளைப் பிந்திப் பதியும்போது வரக்கூடிய மேல்விழுகையை இது பிடிக்காது. முதலாம் வருட ஒப்படைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

டெங்குக் காலத்தில் வாட்டு நிரம்பினால் ஒரு கட்டிலில் இரண்டு பேரையோ கீழே பாயிலோ படுக்க வைப்பார்களே என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. இரண்டு பேர் ஒரு கட்டிலில் என்றால் மேலே உள்ள அந்த இன்டெக்ஸைப் போடாமல் விடுகிறோம், படம் மாறாது. பாயில் என்றால் அனுமதி இருக்கிறது, தங்கல் வரி இல்லை. அதாவது தங்கலோடு தொடர்பில் அனுமதியின் பங்கேற்பு கட்டாயமில்லை, ஒற்றைக் கோடு. ஆனால் தங்கலின் பக்கத்தில் கட்டாயம், இரட்டைக் கோடு, ஏனென்றால் யாருடையது என்று தெரியாத தங்கல் இருக்க முடியாது. வெறுமையான கட்டில்களும் உண்டு, ஆகவே கட்டிலின் பக்கமும் ஒற்றைக் கோடுதான். இதைக் கவனித்துக் கீறினாலே உங்கள் விரிவுரையாளர் இரண்டாம் தரம் பார்ப்பார்.

இனி அந்த "தலைகீழ்". இங்கே உங்களுக்கு விஷயம் தெரியும், எழுதிய இடம்தான் பிழை. "ஒரு வாட்டில் பல கட்டில்" என்று சரியாகச் சொல்லிக்கொண்டே N என்பதை வாட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பலர் அப்படித்தான். வாட்டைப் பற்றிய வசனம், ஆகவே வாட்டுக்குப் பக்கத்தில் எண்.

பீட்டர் சென் 1976இல் வெளியிட்ட முறையிலும், அதை ஒட்டி நம் வகுப்புகளில் சாய்சதுரத்தோடு கீறுகிற முறையிலும் எண் எதிர்ப்பக்கம் போகும். ஒரு வாட்டைப் பிடித்துக்கொண்டு எதிரே பாருங்கள், எத்தனை கட்டில் தெரிகிறது? பல. அந்த N கட்டிலின் பக்கத்தில். பிறகு ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டு எதிரே பாருங்கள், எத்தனை வாட்டு? ஒன்று. அந்த 1 வாட்டின் பக்கத்தில். எப்போதும் "ஒரு" என்று தொடங்குங்கள். "கட்டில்கள் வாட்டுகளில் இருக்கின்றன" என்று பன்மையில் தொடங்கினால் எண்ணிக்கை குழம்பிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சில புத்தகங்களில் (1,N) என்று அடைப்புக்குறிக்குள் குறைந்ததும் கூடியதும் சேர்த்துப் போடுவார்கள். அந்த முறையில் எண் தன் பக்கத்திலேயே நிற்கும். ஒரு வாட்டு இந்த உறவில் குறைந்தது ஒரு தடவை, கூடியது பல தடவை பங்கேற்கும் என்பதால் (1,N) வாட்டுக்குப் பக்கத்தில், (1,1) கட்டிலுக்குப் பக்கத்தில். ஒரே உண்மைதான், ஆனால் N நிற்கும் பக்கம் மாறிவிட்டது. ஒரு டியூஷனில் ஒரு முறையும் வீடியோவில் மற்ற முறையும் பார்த்த பிள்ளை இரண்டையும் கலந்துவிடும். உங்கள் ஒப்படையில் அடைப்புக்குறி இல்லாமல் வெறும் 1, N என்றால் சென் முறைதான் என்று எடுப்பார்கள், ஆகவே அந்தச் சிவப்புக் கோட்டோடு வாதாட முடியாது. ஒரு படத்துக்குள் ஒரு முறையை மட்டும் பாவியுங்கள், எது என்று மூலையில் குறித்துவிடுங்கள்.

எண்ணைச் சரியான பக்கத்தில் போட்டோமா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி ஃபாரின் கீ. அது எப்போதும் N இருக்கிற பக்கத்து அட்டவணைக்குள்தான் போகும். நீங்கள் கீறியபடி N வாட்டின் பக்கம் என்றால் வாட்டு அட்டவணைக்குள் `bed_no` என்று ஒரு நிரல் வரும். மூன்றாம் வாட்டுக்கு ஒரு வரி, அந்த வரியில் ஒரு கட்டில் இலக்கத்துக்குத்தான் இடம். W3-01ஐ எழுதினால் W3-07ஐ எங்கே எழுதுவீர்கள்? இடமில்லை என்று தெரிந்த உடனே N தவறான பக்கத்தில் நிற்கிறது என்று புரிந்துவிடும். கட்டில் அட்டவணையில் `ward_no` போட்டுப் பாருங்கள், W3-01க்கும் 3, W3-07க்கும் 3, ஒரு சிக்கலும் இல்லை.

திருத்திக் கொடுப்பதற்கு முன் 418ஆம் ஆளின் மூன்று தங்கல்களையும் இரண்டு அனுமதிகளையும் ஒற்றையில் கையால் அட்டவணை வரிகளாக எழுதிப் பாருங்கள். எந்த வரியையாவது அழித்து எழுத வேண்டிவந்தால், அல்லது ஒரு கூட்டுக்குள் இரண்டு மதிப்பைத் திணிக்க வேண்டிவந்தால், அந்த இடத்துக் கோடு இன்னும் பிழை. கேள்வியில் சொல்லாமல் நீங்களாக எடுத்துக்கொண்டவற்றை, அதாவது கட்டில் மாறலாம், ஒரு அனுமதிக்கு நிபுணர் மாறமாட்டார், கட்டில் வாட்டை விட்டு வாட்டு போகாது என்பவற்றை, படத்துக்குக் கீழே வசனமாக எழுதுங்கள். நிபுணர் விஷயம் உங்கள் விரிவுரையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் சத்திரசிகிச்சைக்காக ஒருவர் வேறு நிபுணரின் பொறுப்புக்கு இடையில் மாறுவது உண்டு. அவர் அதையும் எதிர்பார்த்தால் கட்டிலுக்குச் செய்த அதே வேலையை அங்கேயும் செய்ய வேண்டிவரும்.